சின்னக் கூரைக்கு எது பொருத்தம்: குழியா, தாங்கியா?



தை பிறந்து மூன்று வாரம் மழை இல்லையென்றால் பீலிக்கரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. விரற்கடை தடிப்பில் விழுந்த தண்ணீர் நூலாகிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். பிரட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டிய பெண்கள்தான் அந்த வரிசையிலும் நிற்கிறார்கள். இதே லயத்துக் கூரையில், இரண்டு மாதங்களுக்கு முன்புதான், ஐப்பசி கார்த்திகை மழை இரவு பகலாகக் கொட்டி, இஸ்தோப்புக்கு முன்னால் உள்ள கானில் ஓடிப் போனது.

அந்த மழைத் தண்ணீரை என்ன செய்வது என்ற பேச்சு இப்போது பல தோட்டக் கமிட்டிகளில் எழுந்திருக்கிறது. அது நல்ல பேச்சு. ஆனால் அதில் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பிப் போயிருக்கின்றன. ஒன்று, கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைப்பது. மற்றது, வீட்டோரம் குழி தோண்டி, கல்லும் மணலும் போட்டு, கூரைத் தண்ணீரை அதில் விட்டு நிலத்தில் ஊறச் செய்வது. இரண்டுக்கும் "மழைநீர் சேகரிப்பு" என்றே பெயர். குழிக்குச் செலவு குறைவு. ஒரு மண்வெட்டி, ஒரு அலவாங்கு, இரண்டு ஆட்களின் ஞாயிற்றுக்கிழமை போதும். ஆகவே "தாங்கிக்குப் பணம் இல்லாவிட்டால் குழியாவது வெட்டுவோம்" என்று சிலர் சொல்கிறார்கள்.

நமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலைச்சரிவில் உள்ள லயத்துக்கும் தனி வீட்டுக்கும் உறிஞ்சு குழி பொருந்தாது. அது அந்த வீட்டுக்குத் தண்ணீர் தராது. சில இடங்களில் அந்த வீட்டுக்கே ஆபத்தையும் கொண்டு வரும். நமக்குத் தேவை தாங்கி. குழியின் வேலையைச் செய்ய வேண்டிய இடம் வேறு, அதைச் செய்ய வேண்டியவர்களும் வேறு. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

குழி எங்கிருந்து வந்தது?

உறிஞ்சு குழி என்ற எண்ணம் நமது தோட்டங்களுக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. அங்கே 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு குழி வெட்டினார்கள். பலன் கிடைத்தது, கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. இது உண்மை.

ஆனால் சென்னையின் நிலத்தைப் பாருங்கள். அது சமதரை. கடற்கரைப் பக்கம் மணல். மாடி வீட்டுக்காரர் தன் மொட்டை மாடியில் விழுந்த தண்ணீரைக் குழியில் விடுகிறார். அது நேரே கீழே இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. அதே வளவுக்குள் அவருக்குக் கிணறோ ஆழ்குழாயோ இருக்கிறது. விட்ட தண்ணீரில் ஒரு பங்கை அவரே திரும்ப எடுக்கிறார், மற்றப் பங்கு பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் குழி வெட்டியிருப்பதால் அவருடைய தண்ணீரில் இவருக்கும் பங்கு வருகிறது. நிலம்தான் அங்கே பெரிய தாங்கி. கிணறு அதன் குழாய்வாய்.

இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: தண்ணீர் நேரே கீழே இறங்கும் சமதரை, அதைத் திரும்ப எடுக்கக் கிணறு, பெரிய கூரைகள் பல. நமது லயத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது?

நமது தண்ணீர் மேலிருந்து வருகிறது

உங்கள் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். லயத்துக்கு மேலே, தேயிலை மலைக்கும் மேலே, காட்டோரத்தில் ஒரு ஊற்று. அதில் ஒரு சிறு கட்டு. அங்கிருந்து குழாய் இறங்கி வருகிறது. பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக வருகிறது. மலையகத்தின் பெரும்பாலான தோட்டங்களில் இதுதான் ஏற்பாடு.

இப்போது லயத்து வாசலில் ஒரு குழி வெட்டுகிறோம் என்று வையுங்கள். அதில் விடும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மலையில் மண் அவ்வளவு ஆழமில்லை. சில அடிகள் இறங்கியதும் பாறையோ இறுகிய களியோ வரும். அதற்கு மேல் தண்ணீர் நேரே இறங்க வழியில்லாமல் சரிவோடு சாய்ந்து ஓடும். கீழே உள்ள கானிலோ ஆற்றங்கரையிலோ வெளியே வரும். நமது ஊற்று மேலே இருக்கிறது, குழி கீழே இருக்கிறது. கீழே ஊறிய தண்ணீர் மேலே ஏறி ஊற்றில் கலக்காது.

ஆகவே நமது குழியால் நமது பீலியில் ஒரு சொட்டும் கூடாது. கீழ்க்கணக்கு லயத்துக்காரருக்கு ஊற்று இருந்தால் அவருக்கு ஏதோ ஒரு நாள் ஒரு சிறு பங்கு போகலாம். அதுவும் மற்றவருக்கு நல்லதுதான் என்று சொல்லலாம். ஆனால் மாசி மாதம் வெறும் வாளியோடு நிற்கும் தாய்க்கு அந்தக் குழி என்ன பதில் சொல்லும்?

சரிவில் தண்ணீரை இறக்குவது

அடுத்தது இதைவிடப் பாரதூரமான விஷயம்.

லயங்களும், ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகளும் எப்படி நிற்கின்றன? மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி, தட்டையாக்கிய மேடையில் நிற்கின்றன. பின்பக்கம் வெட்டிய மண்திட்டு. முன்பக்கம் கொட்டி நிரப்பிய மண். நிரப்பிய மண் எத்தனை வருடம் ஆனாலும் வெட்டாத மண்ணைப் போல இறுகாது. பெரும்பாலான வீடுகளில் கூரைத் தண்ணீர் விழுவது முன்பக்கம். இடமிருப்பதும் முன்பக்கம்தான். ஆகவே குழி வெட்டினால் அது நிரப்பிய மண்ணில்தான் அமையும்.

மண் நனைந்தால் அதன் பாரம் கூடும். மண்துகள்களுக்கு நடுவில் தண்ணீர் நிறைந்தால் அவை ஒன்றையொன்று பற்றிப் பிடிக்கும் பலம் குறையும். இரண்டும் சேர்ந்தால்தான் சரிவு நகர்கிறது. மண்சரிவு நாட்களில் கான்களைத் துப்புரவாக வைத்திருங்கள், தண்ணீரை நிலத்தில் தேங்க விடாதீர்கள், அதைப் பாதுகாப்பாக வெளியேற்றுங்கள் என்று அறிவுறுத்துவதும் இதற்காகத்தான். அதே சரிவில் நாமே குழி வெட்டி, கூரையில் விழுந்த முழுத் தண்ணீரையும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கினால் அது அந்த அறிவுறுத்தலுக்கு நேர் எதிரான வேலை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்தப் பெருஞ்சரிவு ஒரு வீட்டுக் குழியால் வந்ததல்ல. ஆனால் நீண்ட மழையில் நனைந்து ஊறிய மலை என்ன செய்யும் என்பதை அது நமக்குக் காட்டியது. அதைப் பார்த்த பிறகும் வீட்டு வாசலில் மண்ணை நனைக்கும் ஏற்பாட்டை நாமே செய்யலாமா?

ஏற்கனவே குழி வெட்டியவர்கள் சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். குழிக்குக் கீழே உள்ள திட்டில் முன்பு இல்லாத இடத்தில் ஈரம் கசிகிறதா? கசியும் தண்ணீர் கலங்கலாக, சேற்று நிறத்தில் வருகிறதா? முற்றத்தில் மலைச்சரிவுக்குக் குறுக்கே நீளமான வெடிப்பு விழுந்திருக்கிறதா? கதவு, ஜன்னல் திடீரென்று இறுகிப் பூட்ட முடியாமல் போகிறதா? வேலித்தூண் கீழ்ப்பக்கம் சாய்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கூரைத் தண்ணீரை அன்றே குழியிலிருந்து திருப்பி சீமெந்துக் கானில் விடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். வெடிப்பு விழுந்து மழையும் தொடர்ந்தால் யாரும் வந்து பார்க்கும் வரை காத்திருக்காமல் வெளியேறுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. லயத்துக்கு அருகில் மலசலகூடக் குழிகள் உண்டு. இரண்டு குழிகளும் பக்கத்தில் அமைந்தால், ஊறும் மழைத்தண்ணீர் மலக்குழியின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். கீழ்லயத்தின் ஊற்று அந்த வழியில் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளுக்குத்தான் வயிற்றோட்டம்.

ஒரு காம்பராவின் கணக்கு

இனித் தாங்கிக்கு வருவோம். "இந்தச் சின்னக் கூரையில் என்ன தண்ணீர் கிடைத்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். கூரையை அளக்கும்போது தகரத்தின் சாய்வு நீளத்தை அளக்கக்கூடாது. கூரை தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஒரு குடும்பத்தின் பங்கை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி. பின்சுவரிலிருந்து இஸ்தோப்பின் கூரை விளிம்பு வரை 18 அடி. மொத்தம் 216 சதுர அடி, அதாவது 20 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர் விழும். தெறிப்பது, பீலியில் வழிவது, முதலில் கழிக்க வேண்டிய அழுக்குத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். தாங்கிக்கு வருவது 160 லீற்றர். ஒரு சாதாரண மாலை மழையிலேயே இது கிடைத்துவிடும்.

வீட்டில் ஐந்து பேர். குடிக்க, சமைக்க, பாத்திரத்தின் கடைசிக் கழுவலுக்கு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லீற்றர். மொத்தம் 40 லீற்றர். 2000 லீற்றர் தாங்கி ஒன்று நிறைந்திருந்தால், ஒரு சொட்டு மழை இல்லாமலே 50 நாள் ஓடும்.

அந்த 2000 லீற்றரை நிரப்ப மொத்தம் 125 மில்லிமீற்றர் மழை போதும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே தாங்கி ஒரு தடவை அல்ல, வருடத்தில் பல தடவை நிறைந்து வழியும். கூரை சின்னது என்பது நமக்குப் பிரச்சினையே இல்லை. மழை இல்லாத அந்தச் சில வாரங்களுக்குச் சேர்த்து வைக்க ஏனம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

மழையற்ற காலத்தில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஜனவரி முதலாம் திகதி தாங்கி நிறைந்திருக்கிறது. இருபது நாள் மழை இல்லை. 800 லீற்றர் செலவாகி 1200 மிச்சம். அன்று மாலை 15 மில்லிமீற்றர் மழை ஒன்று பெய்கிறது. 240 லீற்றர் வந்து சேர்கிறது. இப்போது 1440 லீற்றர் இருக்கிறது. இனி மழையே இல்லாவிட்டாலும் இன்னும் 36 நாளுக்குப் போதும், அதாவது பெப்ரவரி மாதக் கடைசி வாரம் வரை.

இதே தாங்கியில் துணியும் துவைத்து, எல்லோரும் குளித்து நாளுக்கு 200 லீற்றர் எடுத்தால் அது பத்தே நாளில் காலி. பிறகு "தாங்கியால் பிரயோசனம் இல்லை" என்போம். தப்பு தாங்கியில் இல்லை. 20 சதுர மீற்றர் கூரை ஒரு குடும்பத்தின் முழுத் தேவையையும் கோடையில் தாங்காது. குடிநீரையும் சமையல் நீரையும் தாங்கும். ஆகவே ஒரு கட்டுப்பாடு வேண்டும். மழைக்காலத்தில் தாங்கித் தண்ணீரைத் தாராளமாக எடுங்கள், துவையுங்கள், கழுவுங்கள். எடுக்க எடுக்க நிறையும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பீலி ஓடும் வரை பீலித் தண்ணீரையே பாவித்து, தாங்கியை நிறைத்து வையுங்கள். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோழர்களுக்குக் காலம் மாறும். அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெருமழை, ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்ச்சல். ஆகவே அவர்கள் ஏப்ரல் மழையில் நிறைந்ததை மே மாதத்திலிருந்து காக்க வேண்டும்.

2000 லீற்றர் வாங்க வழியில்லாதவர் 500 லீற்றரோடு தொடங்கலாமா? தொடங்கலாம். மழையில்லாமல் 12 நாள் ஓடும். அந்தப் பன்னிரண்டு நாளும் நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை. மறுவருடம் அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் குழாயால் இணைக்கலாம்.

இது இந்த நாட்டுக்குப் புதிய விஷயமும் அல்ல. 1995இலிருந்து சமூக நீர் வழங்கல் திட்டத்தின் கீழ் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் கிராம வீடுகளுக்கு 5000 லீற்றர் மழைநீர்த் தாங்கிகள் கட்டிக் கொடுத்தார்கள். கம்பிவலையில் சீமெந்து பூசிய, பூசணிக்காய் வடிவத் தாங்கிகள் அப்படி வந்தவைதான். தோட்டத்து மேசன்மாரே பழகிக் கட்டக்கூடிய வேலை அது. பூசியதும் வெயிலில் காயவிடாமல் பல நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும் என்பதே அதில் முக்கியம். அதைத் தவறவிட்டால் மயிர்வெடிப்பு விழுந்து கசியும்.

எங்கே தவறு நடக்கிறது

தாங்கி வைத்தும் பலன் காணாத வீடுகளில் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது.

முதலாவது இடம். 2000 லீற்றர் என்றால் இரண்டு தொன் பாரம். அதை முற்றத்து ஓரத்தில், நிரப்பிய மண்ணின் விளிம்பில் வைத்தால் குழியை விலக்கிவிட்டு வேறொரு ஆபத்தைக் கூட்டியதாகும். வெட்டிய மண் இருக்கும் உறுதியான பக்கத்தில், ஆனால் பின்திட்டு இடிந்தால் மேலே விழாத தூரத்தில், கல்லும் சீமெந்தும் போட்ட சமமான அடித்தளத்தில் வையுங்கள். இடம் அமையாவிட்டால் ஒரே பெரிய தாங்கிக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைப் பிரித்து வையுங்கள்.

இரண்டாவது உயரம். லயத்துக் கூரையின் விளிம்பு தாழ்வானது. தாங்கியின் அடியில் வாளி வைத்துப் பிடிக்க ஒன்றரை அடி உயரம் வேண்டும். அதற்கு மேல் தாங்கி, அதற்கும் மேல் பீலி இருக்க வேண்டும். தாங்கியை வாங்கி வந்த பிறகு அதன் வாய் பீலிக்கு மேலே நிற்பதைக் கண்டு முழிக்கக்கூடாது. முதலில் அளவுநாடா, பிறகுதான் கடை. உயரம் போதாவிட்டால் குட்டையான தாங்கிகள் இரண்டு எடுங்கள்.

மூன்றாவது முதல் தண்ணீர். நமது கூரையில் விறகு அடுப்பின் புகைக்கரி, சருகு, பறவை எச்சம் எல்லாம் இருக்கும். காய்ந்த நாட்களுக்குப் பின் வரும் முதல் மழையில் அவை எல்லாம் கழுவுண்டு வரும். சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்று கழிக்க வேண்டும். நமது காம்பராவுக்கு அது 20 லீற்றர். பீலியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை போட்டு, அதன் கீழ் மூடியுள்ள 20 லீற்றர் கேனை இணையுங்கள். முதல் தண்ணீர் அதில் நிறையும். அது நிறைந்த பிறகு வருவது தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் கேனைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் தாங்கிக்குள். எப்படி இருந்தாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

நான்காவது மருந்து. தேயிலை மலை லயத்து வாசல் வரை வருகிறது. களைகொல்லியோ பூச்சிமருந்தோ அடிக்கும் நாளில் காற்று அதைக் கூரைக்குக் கொண்டு வரும். மருந்தடிக்கும் முன் லயத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லி வையுங்கள். அன்று தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றி, அடுத்த நல்ல மழை கூரையைக் கழுவிய பிறகே மீண்டும் மாட்டுங்கள்.

ஐந்தாவது நுளம்பு. மூடி இல்லாத பீப்பாய் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். மூடி இறுகியிருக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாயிலும் வழியும் வாயிலும் நுளம்புவலை கட்ட வேண்டும். பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றால் அங்கும் புழு வரும். மாதம் ஒருமுறை ஏணி வைத்துத் துப்புரவாக்குங்கள்.

கடைசியாக, தாங்கி நிறைந்து வழியும் தண்ணீர். அதை அடித்தளத்தின் கீழே விழவிட்டால் சில மாதத்தில் அங்கேயே குழி விழும். குழாய் போட்டுச் சீமெந்துக் கானில் கொண்டுபோய் விடுங்கள்.

குழிக்கும் ஓர் இடம் உண்டு

உறிஞ்சு குழி எங்கும் கூடாது என்பது நமது வாதமல்ல. பள்ளத்தாக்குகளிலும், கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலும் சமதரையில் வீடும் சொந்தக் கிணறும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குழி போட நினைக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குச் சிறு கிடங்கு தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது ஒரு நாளைக்குள் வற்றாவிட்டால் அந்த மண் களி. அங்கே குழி வெட்டினால் நுளம்புக் குளம்தான் கிடைக்கும். நன்றாக வற்றினால், வீட்டு அத்திவாரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நன்றாகத் தள்ளி வெட்டலாம். அங்கேயும் முதலில் தாங்கி. வழிவது மட்டும் குழிக்கு.

மலைத் தோட்டங்களில் மண்ணுக்குள் தண்ணீர் இறங்கவே வேண்டாமா? கட்டாயம் இறங்க வேண்டும். ஆனால் ஊற்றுக்கு மேலே. அங்கே நிற்கும் காட்டை வெட்டாமல் விடுவது, வெட்டிய இடத்தில் மரம் வைப்பது, தேயிலை மலையில் குறுக்குக் கான்களையும் அவற்றிலுள்ள மண்குழிகளையும் காலாகாலத்தில் வெட்டித் துப்புரவாக்குவது ஆகியவைதான் ஊற்றை வற்றாமல் வைப்பவை. கான் வெட்டுவது ஒரு காலத்தில் தோட்டத்தில் ஒழுங்காக நடந்த வேலை. ஆட்செலவைக் குறைக்க அதைக் கைவிட்ட தோட்டங்களில் மழைத் தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது. அந்த மலை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதில் விளையும் கொழுந்தின் வருமானமும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அங்கே செய்யாத வேலைக்கு ஈடாக, தொழிலாளி தன் பன்னிரண்டு அடி வாசலில் குழி வெட்ட வேண்டும் என்பது நியாயமல்ல.

ஆகவே நாம் கேட்பது மூன்று. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தனி வீட்டின் வரைபடத்திலும் கூரைப் பீலியும், தாங்கிக்கான சீமெந்து அடித்தளமும், வழியும் தண்ணீருக்கான கானும் சேர்க்கப்பட வேண்டும். வீடு கட்டி முடிந்த பிறகு தொழிலாளி தன் கைக்காசில் தேடும் பொருளாக அவை இருக்கக்கூடாது. லயங்களின் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். கூரையைத் திருத்தும்போது பீலியும் அதனோடு போடப்பட வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையானால் துளையிடும்போது எழும் தூள் நெஞ்சுக்குக் கெடுதி. அதைத் தொழிலாளியின் தலையில் விடாமல் பழகிய ஆளைக் கொண்டு நிர்வாகமே செய்ய வேண்டும். மூன்றாவதாக, ஊற்றுக்கு மேலுள்ள பகுதியில் கான் வெட்டும் வேலை மீண்டும் தொடங்கப்பட வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தோழியரும் இதற்கு இப்போதே ஒரு வேலை செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு லயம் லயமாகப் போங்கள். ஒவ்வொரு வீட்டின் கூரை அகலம், நீளம், விளிம்பின் உயரம், தாங்கி வைக்கக்கூடிய உறுதியான இடம் உண்டா இல்லையா, பீலி எந்த மாதத்தில் எத்தனை நாள் வற்றுகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். "தண்ணீர்க் கஷ்டம்" என்று மட்டும் சொல்லிப் போனால் நிர்வாகம் தலையாட்டி அனுப்பிவிடும். நாற்பது வீடு, வீட்டுக்கு 20 சதுர மீற்றர், வீட்டுக்கு 2000 லீற்றர், அறுபது நாள் வரட்சி என்று எழுதிக் கொண்டுபோனால் அதற்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தக் கொப்பியின் ஒரு பிரதி நிர்வாகத்துக்கும், ஒன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், ஒன்று பிரதேச சபைக்கும் போகட்டும். மற்றொன்றை நமது சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அதை நாம் வைக்கிறோம்.